கிரேடு மூன்று என்றால் மூன்றாம் ஸ்டேஜ் அல்ல

மார்பில் கட்டி என்று துறையூரிலிருந்து திருச்சிக்கு வந்து, ஊசி பயாப்சி எடுத்து, சில நாள் காத்திருந்து ரிப்போர்ட்டை வாங்கும் குடும்பம் அதில் முதலில் தேடுவது ஓர் எண்ணைத்தான். நடுவில் எங்காவது ‘கிரேடு 3’ என்று அச்சாகியிருக்கும். பழைய வழக்கப்படி ரோமன் எண்ணில் மூன்று கோடு போட்டிருந்தால் குழப்பம் இன்னும் கூடும், ஏனென்றால் ஸ்டேஜையும் அதே கோடுகளால்தான் எழுதுகிறார்கள். “மூணாவது ஸ்டேஜாம்” என்ற செய்தி அன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். அடுத்த நாள் சிகிச்சைக்கு வர வேண்டியவர், ‘இனி எதற்கு’ என்று வீட்டிலேயே தங்கிவிடுவதும் நடக்கிறது. இந்த அத்தியாயத்தை எழுதுவதே அந்த ஒரு தவறான முடிவைத் தடுக்கத்தான்.

கிரேடு என்பது புற்றுநோய்ச் செல்லின் குணம். அதை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள். ஸ்டேஜ் என்பது நோய் உடம்பில் எவ்வளவு பெரிதாகி, எதுவரை போயிருக்கிறது என்ற கணக்கு. அதற்கு அளவுகோல், ஸ்கேன், அறுவையில் எடுத்த நெறிக்கட்டிகள் எல்லாம் வேண்டும். வெங்காயக் காட்டில் களை முளைத்தால், அது என்ன களை, எவ்வளவு வேகமாகப் படரும் என்பது ஒரு கேள்வி. இப்போது எத்தனை பாத்தி வரை படர்ந்திருக்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்வி கிரேடு, இரண்டாவது ஸ்டேஜ். வேகமான களை ஒரே பாத்தியில் இருக்கலாம். மெதுவான களை காடு முழுக்கப் பரவியும் இருக்கலாம்.

எல்லா உறுப்புகளின் புற்றுநோய்க்கும் கிரேடு போடும் முறை ஒன்றல்ல. எல்லாவற்றையும் சொல்லப் போனால் எதுவும் மனத்தில் நிற்காது. அதனால் மார்பகப் புற்றுநோயை மட்டும் எடுத்து முழுவதும் பார்ப்போம். நம் பெண்கள் கையில் அதிகம் வந்து சேரும் ரிப்போர்ட் அதுதான்.

கண்ணாடித் தகட்டில் என்ன பார்க்கிறார்கள்

எடுத்த சதைத் துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, நீரை வடித்து, மெழுகில் பதித்து ஒரு சிறு கட்டையாக்குவார்கள். அதை ‘பிளாக்’ என்பார்கள். அதிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூற்றைம்பதில் ஒரு பங்கு கனத்தில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, இரண்டு சாயம் ஏற்றுவார்கள். செல்லின் கரு நீல ஊதாவாகவும் மற்ற பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். பத்தாலஜிஸ்ட் எனப்படும் நோய்க்குறியியல் மருத்துவர் இந்தத் தகட்டைப் பார்த்து மூன்று விஷயங்களுக்குத் தனித்தனியே மதிப்பெண் போடுகிறார். மதிப்பெண் 1 முதல் 3 வரை. இங்கே அதிக மதிப்பெண் கெட்டது.

முதலாவது, குழல் அமைப்பு. இயல்பான மார்பகத்தில் பால் சுரக்கும் செல்கள் நடுவில் துளை விட்டு, வட்டமாகச் சேர்ந்து குழல்களாக நிற்கும். புற்றுநோய்ச் செல்கள் அந்தப் பழக்கத்தை எவ்வளவு மறந்துவிட்டன என்று பார்க்கிறார்கள். கட்டியில் முக்கால் பங்குக்கு மேல் குழல்கள் தெரிந்தால் 1. நூற்றில் பத்து முதல் எழுபத்தைந்து வரை என்றால் 2. பத்துக்கும் கீழே போனால் 3.

இரண்டாவது, கருவின் உருவம். பக்கத்தில் இருக்கும் இயல்பான செல்லின் கருவோடு ஒப்பிட்டு, ஏறக்குறைய அதே அளவில், ஒரே சீராக இருந்தால் 1. கொஞ்சம் பெருத்து மாறியிருந்தால் 2. ஒன்று சிறிது, ஒன்று பெரிது, கோணல்மாணல் என்று கிடந்தால் 3. மூன்றிலும் பார்ப்பவரின் கண்ணை அதிகம் சார்ந்திருப்பது இதுதான். ஒரே தகட்டுக்கு இரண்டு அனுபவசாலிகள் 2 என்றும் 3 என்றும் போட இடமுண்டு.

மூன்றாவது, செல் பிளவு. ஒரு செல் இரண்டாகும் நேரத்தில் அதன் கரு கலைந்து, கறுத்த இழைகளாகத் திரளும். அந்த உருவங்களை, கட்டியில் மிகச் சுறுசுறுப்பாகத் தெரியும் இடத்தில், பெரும்பாலும் விளிம்பில், நாற்பது மடங்கு லென்ஸ் வைத்துப் பத்துப் பார்வை வட்டங்களில் எண்ணுவார்கள்.

மூன்றையும் கூட்டினால் 3 முதல் 9 வரை ஏதாவது ஓர் எண் வரும். 3, 4, 5 என்றால் கிரேடு 1. 6, 7 என்றால் கிரேடு 2. 8, 9 என்றால் கிரேடு 3. அவ்வளவுதான், மார்பகப் புற்றுநோயில் கிரேடு 4 என்று ஒன்று கிடையாது. புளூமும் ரிச்சர்ட்சனும் 1957இல் எழுதிய முறையை, இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் எல்ஸ்டனும் எல்லிஸும் எண்ணிக்கை வரம்புகளோடு திருத்தி 1991இல் வெளியிட்டார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் ‘நாட்டிங்காம் கிரேடு’ என்று இருப்பது அந்த ஊர்ப் பெயர்தான். சில இடங்களில் புளூம் ரிச்சர்ட்சன் பெயரும் சேர்ந்து வரும்.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம்

துறையூர் பக்கம் 52 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இடது மார்பில் கட்டி. அறுவை முடிந்து வந்த ரிப்போர்ட்டில் கட்டியின் அளவு 3.2 சென்டிமீட்டர். அக்குளில் எடுத்த 14 நெறிக்கட்டிகளில் 2இல் புற்றுநோய். தகட்டில் குழல்கள் நூற்றுக்கு ஐந்து, எனவே 3 மதிப்பெண். கரு நடுத்தரம், 2. பத்துப் பார்வை வட்டங்களில் பிளவுகள் 10.

பத்துப் பிளவுக்கு எத்தனை மதிப்பெண்? இங்கேதான் நுண்ணோக்கியே கணக்குக்குள் வருகிறது. எல்லா நுண்ணோக்கியிலும் பார்வை வட்டம் ஒரே அளவில் இருப்பதில்லை. கண் வைக்கும் வில்லையின் பக்கவாட்டில் 22 என்று பொறித்திருந்தால், அதை லென்ஸின் 40ஆல் வகுத்தால் 0.55 மில்லிமீட்டர், அதுதான் வட்டத்தின் விட்டம். சில பழைய கருவிகளில் அது 0.40 தான் இருக்கும். விட்டத்தில் வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம், ஆனால் பரப்பில் சிறிய வட்டம் பெரியதில் ஏறத்தாழ பாதிதான். பாதிப் பரப்பில் பாதிப் பிளவுகள்தான் கண்ணில் படும். அதனால் ஒவ்வொரு விட்டத்துக்கும் தனி வரம்பு அட்டவணை உண்டு. 0.55 விட்டத்தில் 8 வரை 1 மதிப்பெண், 9 முதல் 17 வரை 2, அதற்கு மேல் 3. 0.40 விட்டத்தில் 4 வரை 1, 5 முதல் 9 வரை 2, பத்திலிருந்து 3.

நம் அம்மாவின் தகட்டைப் பார்த்தது 0.55 விட்டக் கருவி. பத்துப் பிளவுக்கு 2 மதிப்பெண். 3, 2, 2 கூட்டினால் 7. கிரேடு 2. சரியான விடை இதுதான். இப்போது அதே லேபில் பழைய கருவி போய்ப் புதிய கருவி வந்த பிறகும், சுவரில் ஒட்டிய பழைய 0.40 அட்டவணையை யாரும் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு 3 மதிப்பெண் விழும். கூட்டுத்தொகை 8. கிரேடு 3 என்று ரிப்போர்ட் வரும். அம்மாவின் நோயில் எதுவும் மாறவில்லை.

நல்ல ரிப்போர்ட்டில் ‘கிரேடு 2’ என்று மட்டும் இருக்காது. மூன்று மதிப்பெண்களும் தனித்தனியே, கூட்டுத்தொகையோடு இருக்கும். 7 வழியாக வந்த கிரேடு 2 மூன்றின் வாசலில் நிற்கிறது. 6 வழியாக வந்தது கொஞ்சம் தள்ளி நிற்கிறது. இதைப் புற்றுநோய் மருத்துவர் கவனிப்பார். மதிப்பெண் பிரித்துப் போடாத ரிப்போர்ட் வந்தால், பிரித்து எழுதித் தரும்படி கேட்கலாம். அதில் தயக்கமே வேண்டாம்.

டப்பாவில் தொடங்கும் பிழை

கிரேடு தவறாக வருவதற்கு இன்னொரு காரணம் லேபுக்கு வெளியே இருக்கிறது. சிறிய ஊர்களில் கட்டியை எடுத்ததும் டப்பாவில் போட்டுக் குடும்பத்தார் கையில் கொடுத்து, “திருச்சியில் கொண்டுபோய்க் கொடுங்கள்” என்று சொல்வது வழக்கம். துறையூரில் பஸ் ஏறி, புலிவலம், திருவெள்ளறை, மண்ணச்சநல்லூர் வழியாகச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கும்வரை அந்த டப்பா மடியில் இருக்கும். இந்தப் பயணத்தால் கெடுதல் ஒன்றுமில்லை. டப்பாவுக்குள் என்ன ஊற்றியிருக்கிறது, எப்போது ஊற்றினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உடம்பிலிருந்து எடுத்த சதை உடனே அழுகத் தொடங்கும். அதை நிறுத்துவது பத்து சதவீத ஃபார்மலின். எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் அதில் முங்க வேண்டும். சதையின் அளவைப் போல் பத்து மடங்கு திரவம் வேண்டும். சலைன் ஊற்றிக் கொடுத்தால் அது சதையைக் காக்காது. வெறும் பஞ்சில் சுற்றிக் கொடுப்பதும் அப்படியே. முழு மார்பையும் எடுத்திருந்தால் அதை அப்படியே வாளியில் போடுவதும் போதாது. ஃபார்மலின் உள்ளே மிக மெதுவாகத்தான் ஊறும், வெளிப்பக்கம் கெட்டியாகும்போது நடுவில் இருக்கும் கட்டி கெட்டுப்போயிருக்கும். இடையில் கீறி வைத்தால்தான் திரவம் கட்டி வரை போகும். எங்கே எப்படிக் கீறுவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். வீட்டார் டப்பாவைத் திறக்கவே கூடாது.

சதை கெட்டால் முதலில் அழிவது பிளவு உருவங்கள்தான். கறுத்த இழைகள் மங்கிவிடும், எண்ணிக்கை குறையும், மூன்றாம் மதிப்பெண் இறங்கும். கிரேடு 3 ஆக இருக்க வேண்டிய கட்டி 2 என்று எழுதப்படலாம். சிகிச்சையைக் குறைக்கும் பிழை என்பதால் இதை நான் அட்டவணைப் பிழையைவிடப் பெரிதாக நினைக்கிறேன். ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 ஆகியவற்றுக்கான சோதனையும் இதே பிளாக்கில்தான் நடக்கிறது, அதுவும் கெடும். ரிப்போர்ட்டில் ‘பதப்படுத்தல் சரியில்லை’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், கிரேடைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டும்.

அதனால் டப்பாவை வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: உள்ளே ஃபார்மலின்தானா, எத்தனை மணிக்குப் போட்டீர்கள், பெயரும் எந்தப் பக்கத்து மார்பு என்பதும் டப்பாவின் உடம்பில் எழுதியிருக்கிறதா. மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும். ஃபார்மலினில் சரியாகப் போட்டுவிட்டால் அவசரம் குறைந்துவிடும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று நாளைத் தாண்டாமல் ஊறினால் போதும். சனிக்கிழமை எடுத்ததைத் திங்கட்கிழமை காலை கொண்டுபோய்க் கொடுத்தாலும் தாங்கும்.

ஸ்டேஜ் எப்படி வருகிறது

ஸ்டேஜுக்கு மூன்று எழுத்துகள்: டி, என், எம். பிரான்சில் பியர் டெனுவா 1940களில் வகுக்கத் தொடங்கிய முறை. டி என்பது கட்டியின் அளவு. இரண்டு சென்டிமீட்டர் வரை டி1, அதற்கு மேல் ஐந்து வரை டி2, ஐந்துக்கு மேல் டி3. எந்த அளவாக இருந்தாலும் தோலில் புண்ணாக வெடித்தோ, மார்புக் கூட்டில் ஒட்டியோ இருந்தால் டி4. என் என்பது நெறிக்கட்டி. அறுவையில் எடுத்துப் பார்த்தபின், அக்குளில் ஒன்று முதல் மூன்று வரை நோய் இருந்தால் என்1, நான்கு முதல் ஒன்பது வரை என்2, பத்தும் அதற்கு மேலும் என்3. எம் என்பது எலும்பு, நுரையீரல், கல்லீரல் போன்ற தொலைவான உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா என்பது. போகவில்லை என்றால் எம்0, போயிருந்தால் எம்1. எம்1 என்றால் மற்ற இரண்டும் எதுவாக இருந்தாலும் நான்காம் ஸ்டேஜ்.

இதிலிருந்தே ஒன்று விளங்கும். முதல் ஊசி பயாப்சி ரிப்போர்ட்டில் ஸ்டேஜ் இருக்க வழியே இல்லை. பென்சில் முனை அளவுச் சதையிலிருந்து கட்டியின் முழு அளவையோ அக்குளையோ எலும்பையோ பார்க்க முடியாது. அங்கே ஒரு எண் அச்சாகியிருந்தால் அது கிரேடுதான். அந்தக் கிரேடும் தற்காலிகமானது. ஊசி தொட்ட இடத்தில் பிளவுகள் குறைவாக இருந்திருக்கலாம் என்பதால், முழுக் கட்டியையும் பார்த்தபின் ஒரு படி ஏறுவது உண்டு. மெல்லிய ஊசியில் செல்களை மட்டும் உறிஞ்சும் சோதனையில் குழல் அமைப்பே தெரியாது, எனவே நாட்டிங்காம் கிரேடு வராது.

நம் அம்மாவுக்கு 3.2 சென்டிமீட்டர், டி2. இரண்டு நெறிக்கட்டி, என்1. ஸ்கேனில் வேறெங்கும் இல்லை, எம்0. மூன்றையும் சேர்த்தால் ஸ்டேஜ் 2பி. கிரேடு 2, ஸ்டேஜ் 2பி என்று எண்கள் ஒன்றுபோல் அமைந்தது தற்செயல். இன்னொருவருக்கு 1.5 சென்டிமீட்டர் கட்டி, நெறிக்கட்டி சுத்தம், ஆனால் கிரேடு 3 என்றால் அவர் முதல் ஸ்டேஜ். வேறொருவருக்கு ஆறு சென்டிமீட்டர், ஐந்து நெறிக்கட்டி, கிரேடு 1 என்றால் அவர் ஸ்டேஜ் 3ஏ. கிரேடு 3 என்று கேட்டு அழுத முதலாமவரின் நோய் எங்கும் பரவவில்லை. கிரேடு 3 செல்கள் வேகமாகப் பிளப்பவை என்பதால், பிளக்கும் செல்லைத் தாக்கும் கீமோ மருந்துகளுக்கு அவை நன்றாகக் கரைவதும் உண்டு. கிரேடு 1 என்று நிம்மதியடைந்து தள்ளிப்போட்டால் மற்றவருக்குத்தான் ஆபத்து.

இரண்டு மருத்துவமனை, இரண்டு ஸ்டேஜ்

இதுவரை கிரேடும் ஸ்டேஜும் தனித்தனி என்று சொன்னேன். மார்பகத்தில் 2018 முதல் அதில் ஒரு விலக்கு வந்திருக்கிறது. புற்றுநோய்க்கான அமெரிக்கக் கூட்டுக் குழுவின் எட்டாம் பதிப்பு விதிகள், டி, என், எம் உடன் கிரேடு, இரண்டு ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2 ஆகியவற்றையும் சேர்த்து இன்னொரு ஸ்டேஜ் கணக்கிடச் சொல்கின்றன. நோய் எங்கே இருக்கிறது என்பதோடு, உரிய சிகிச்சை கிடைத்தால் எப்படிப் போகும் என்பதையும் அந்த எண் சொல்ல முயல்கிறது.

நம் அம்மாவுக்கு இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் என்று வைத்தால், உடற்கூற்றுக் கணக்கில் 2பி ஆன அவர், அறுவைக்குப் பிந்தைய புதிய கணக்கில் 1பி ஆகிறார். ஓர் இடத்தில் 2பி, இன்னோர் இடத்தில் 1பி என்று சொன்னால் இருவரும் சரியாகவே சொல்கிறார்கள். ஒருவர் பொய் சொல்கிறார் என்று மூன்றாவது இடம் தேடி அலைய வேண்டியதில்லை. இப்போது அந்தப் பழைய அட்டவணையை நினைத்துப் பாருங்கள். மற்ற எல்லாம் அப்படியே இருந்து கிரேடு மட்டும் தவறாக 3 என்று விழுந்திருந்தால், புதிய கணக்கில் அவர் 2ஏ. சுவரில் ஒட்டிய ஒரு தாள் கிரேடை மாற்றி, கிரேடு ஸ்டேஜை மாற்றிவிட்டது.

அறுவைக்கு முன்பே கீமோ எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து பட்ட செல்கள் சுருங்கியும் வீங்கியும் உருமாறிப் போவதால், பிறகு எடுத்த கட்டியில் கிரேடு போடுவதில் பெரிய பொருள் இல்லை. முதல் ஊசி பயாப்சியின் கிரேடையே வைத்துக்கொள்வார்கள். அந்த முதல் ரிப்போர்ட்டைத் தொலைக்காமல் வைத்திருப்பது அதனால் முக்கியம்.

வேறு உறுப்பு என்றால் இந்த எண்களை அங்கே கொண்டுபோகக் கூடாது. ஆண்களின் புராஸ்டேட்டில் கிளீசன் என்ற கூட்டுத்தொகை வரும். அங்கே 6 என்பது நடுத்தரம் அல்ல, புற்றுநோயாக எழுதப்படுவதில் இன்று அதுதான் மிகக் குறைந்த எண். மூளைக் கட்டிகளில் 1 முதல் 4 வரை கிரேடு உண்டு, டி, என், எம் ஸ்டேஜ் வழக்கத்தில் இல்லை. அங்கே ‘கிரேடு 4’ என்பது உண்மையிலேயே கடுமையான செய்தி.

கையில் என்ன இருக்க வேண்டும்

புத்தூர் அரசு மருத்துவமனையிலிருந்தோ தனியார் இடத்திலிருந்தோ சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடத்துக்குப் போவதாக இருந்தால், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. அங்குள்ள பத்தாலஜிஸ்ட் தாமே தகட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். எனவே சோதித்த லேபில் எழுதிக் கேட்டு ஸ்லைடுகளையும் பிளாக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். கிரேடில் சந்தேகம் என்றாலும் இதே வழிதான்: புதிதாக ஊசி குத்த வேண்டாம், அதே ஸ்லைடை இன்னொருவர் பார்த்தால் போதும்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். மூன்று மதிப்பெண்கள் என்னென்ன? ஸ்டேஜ் சொல்ல எல்லாச் சோதனையும் முடிந்துவிட்டதா, இன்னும் பாக்கி இருக்கிறதா? சொல்லும் ஸ்டேஜ் உடற்கூற்றுக் கணக்கா, எட்டாம் பதிப்பின் புதிய கணக்கா? பதிலை அதே தாளில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடுகளை உடையாத பெட்டியில் வையுங்கள். பிளாக் மெழுகால் ஆனது, அறுபது டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை வைத்துவிட்டுப் போகாதீர்கள். அந்தச் சதை வேறெங்கும் இல்லை.